புளியமரத்தைக் குறியீடாக்காமல் பேசுவது எப்படி: ஒரு கலந்துரையாடல் கையேட்டின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு அல்சூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடும் தமிழ் வாசிப்புக் குழு ஒன்று, சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலை அடுத்தடுத்த இரு மாதங்களில் இருமுறை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது. நாவல் ஒன்றுதான், உறுப்பினர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். மாறியது, முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பப்பட்ட கேள்விக் கையேடு மட்டுமே. முதல் கையேடு உறுப்பினர்களை நாவலை விட்டு வெளியே கொண்டுபோனது. இரண்டாவது அவர்களை நாவலுக்குள் திருப்பி அனுப்பியது. இந்த வேறுபாடு கேள்விகளின் அமைப்பில் எங்கிருந்து வந்தது என்பதைக் கூட்டக் குறிப்புகளின் அடிப்படையில் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குறிப்புகளை எடுத்தவன் என்ற முறையில் இரு கூட்டங்களிலும் நான் இருந்தேன். கையேடுகளைத் தயாரித்தவர்கள் வேறு இருவர்.

நாவலைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: 1966-இல் வெளிவந்த இந்நாவல், பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த ஒரு சிறுநகரத்தின் நாற்சந்தியில் நின்ற புளியமரத்தின் வரலாற்றைச் சொல்கிறது. முற்பகுதியில் தாமோதர ஆசான் என்ற முதியவர், தம்மைச் சூழ்ந்து உட்காரும் இளைஞர்களுக்கு மரத்தின் பழைய கதைகளைச் சொல்கிறார். பிற்பகுதியில் நாடு விடுதலை பெறுகிறது. மன்னராட்சி போய் நகரசபையும் தேர்தலும் செய்தித்தாளும் வருகின்றன. அப்துல் காதர், தாமு என்ற இரு வியாபாரிகளின் போட்டி ஊரின் அரசியலோடு பின்னிக்கொள்கிறது. அந்தப் பின்னலில் சிக்கிய மரம் நஞ்சு வைக்கப்பட்டு மடிகிறது. மரம் இப்போது இல்லை என்பதை நாவலின் தொடக்கத்திலேயே கதைசொல்லி சொல்லிவிடுவதால், முடிவைச் சொன்னதற்காக யாரும் என்மீது கோபப்பட வேண்டியதில்லை.

முதல் கையேடு

முதல் கையேட்டைத் தயாரித்தவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர். நாவலை ஊன்றிப் படித்தவர், உழைப்புக்கு அஞ்சாதவர். அவர் எழுதிய கேள்விகள் பெரும்பாலான வாசிப்புக் குழுக்களில் புழங்குகிற கேள்விகளே. குளம் ஏன் தூர்க்கப்பட்டது, ஆசான் எப்படிப்பட்டவர், புளியமரம் எதன் குறியீடு, ஆசிரியர் சமுதாயத்துக்குச் சொல்லவரும் செய்தி என்ன, வளர்ச்சிக்காக மரங்களை வெட்டுவது சரியா, உங்களுக்குப் பிடித்த பாத்திரம் எது என்று அவை நீண்டன.

குளத்தைப் பற்றிய கேள்விக்கு ஒருவர் விடை சொன்னதும் மற்றவர்கள் தலையசைத்தார்கள். பேச்சு அத்துடன் நின்றது. மகாராஜா அவ்வழியே வந்தபோது குளத்தின் நாற்றம் அவர் மூக்கை எட்டியது, அதனால் தூர்க்கப்பட்டது என்பது நாவலில் உள்ள செய்தி. அதை மறுப்பதற்கும் இல்லை, வளர்ப்பதற்கும் இல்லை. குறியீட்டுக் கேள்வி வந்தபோது கூட்டம் சுறுசுறுப்பானது போலத் தோன்றியது. இயற்கை என்றார் ஒருவர். மரபு என்றார் இன்னொருவர். இந்திய தேசம், எளிய மக்கள், காலம் என்று விடைகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு விடை சரியானால் மற்றொன்று தவறாக வேண்டும் என்ற நெருக்கடி எங்குமே எழவில்லை. அந்தக் கேள்வி நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பதை என் குறிப்பில் தனியாக எழுதி வைத்திருந்தேன்.

அதன்பின் மரம் வெட்டுவது சரியா என்ற கேள்வி வந்தது. பெங்களூருக்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர்களை நாவலுக்குத் திரும்ப அழைப்பது நடக்கிற காரியமல்ல. 2011-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் முதல் தடத்துக்காக எம்.ஜி. ரோட்டின் நிழல் நடைபாதை போனது, சாலை விரிவாக்கத்துக்காகத் தூங்குமூஞ்சி மரங்கள் சாய்ந்தது, தங்கள் தெருவில் மாநகராட்சி ஆட்கள் காலை வேளையில் ரம்பத்தோடு வந்து நின்றது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. அவை கேட்கத் தகுந்த கதைகளே. ஆனால் அந்த நேரத்தில் மேசைமேல் எந்த நாவல் இருந்திருந்தாலும் பேச்சு அப்படியேதான் நடந்திருக்கும். மரம் வெட்டப்படுகிற ஏதோ ஒரு கதை போதும்; இந்தக் கதை வேண்டாம்.

கூட்டம் முடிந்தபோது பெரும்பாலோர் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள். கோலார் தங்கவயலில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று இப்போது மகளோடு பெங்களூரில் வசிக்கும் ஒருவர் மட்டும், “நல்லாத்தான் பேசினோம் தம்பி, ஆனா படிக்காதவங்களும் இதே பேச்சைப் பேசியிருப்பாங்களே” என்று கையேடு எழுதிய இளைஞரிடம் சொன்னார். இளைஞருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். ஆனாலும், “அப்ப நீங்களே கேள்வி எழுதுங்க டீச்சர், நான் கூட உக்காருறேன்” என்று உடனே கேட்டுக்கொண்டார். அதே நாவலை அடுத்த மாதமும் எடுப்பது என்று முடிவானது அப்படித்தான்.

நன்னூல் தந்த அளவுகோல்

இரண்டாவது கையேட்டுக்கான அளவுகோலை அந்த ஆசிரியை எடுத்துவந்த இடம் நன்னூல். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அறுவகை வினாக்களை அவர் நினைவூட்டினார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. தனக்கு விடை தெரிந்திருந்தும் மாணவனுக்குத் தெரியுமா என்று சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினா. இதுவோ அதுவோ என்று தெளியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்று கேட்பது ஐயவினா. கிடப்பது கயிறோ பாம்போ என்பது வகுப்பறைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. முதல் கையேட்டின் கேள்விகளில் ஒரு பாதி அறிவினா, மறுபாதி நாவல் இல்லாமலேயே விடை சொல்லக்கூடிய பொதுக் கேள்விகள், ஐயவினா ஒன்றுகூட இல்லை என்பது அவர் கணிப்பு.

1947-இல் அமெரிக்காவின் சிகாகோவில் தொடங்கப்பட்ட கிரேட் புக்ஸ் ஃபவுண்டேஷன், வாசிப்புக் குழுக்களுக்காக வகுத்த முறையும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. அவர்கள் கேள்விகளைத் தகவல், பொருள்கோள், மதிப்பீடு என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். பொருள்கோள் கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளுக்குப் பிரதியில் சான்று இருக்க வேண்டும்; கேட்கும் நெறியாளருக்கும் விடையில் உண்மையான ஐயம் இருக்க வேண்டும். இந்த இரண்டாம் நிபந்தனையைத்தான் நம் குழுக்களில் அதிகம் மீறுகிறோம். நெறியாளர் மனதில் விடை முடிவாகியிருந்தால், உறுப்பினர்கள் நாவலைப் படிப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அளவுகோல் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி ஐயவினாதானா என்று சோதிக்க வழி வேண்டும். ஆசிரியையும் இளைஞரும் கையாண்ட வழி எளிமையானது. ஒருவர் ஒரு கேள்வியை எழுதுவார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் கலக்காமல் அதற்குத் தம் விடையையும், அந்த விடைக்கு ஆதாரமான இடத்தையும் தனித்தனித் தாளில் எழுதுவார்கள். விடைகள் ஒன்றாக இருந்தால் அது தகவல் கேள்வி என்று ஒதுக்கப்படும். விடைகள் வேறாக இருந்து, எந்த இடத்தையும் சுட்டாமலே எழுத முடிந்திருந்தால், அது அபிப்பிராயக் கேள்வி என்று ஒதுக்கப்படும். விடைகள் வேறாக இருந்து, இரண்டும் நாவலின் ஒரே பகுதியைச் சுட்டினால் மட்டுமே அந்தக் கேள்வி கையேட்டுக்குள் வரும். ஒரே பகுதி இரண்டு வாசகர்களை இரண்டு பக்கம் அனுப்புகிறது என்றால், அங்கே பேசுவதற்கு ஏதோ இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையில் பெரும்பாலான கேள்விகள் விழுந்துவிட்டன. கடைசியில் தேறியவை நான்கு. இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

இரண்டு அழிவுகள், இரண்டு குரல்கள்

கையேட்டின் முதன்மைக் கேள்வியாக அமைந்தது, முதல் கூட்டத்தில் ஒரே விடையில் முடிந்துபோன அந்தக் குளத்துக் கேள்வியின் மறுபிறவிதான். நாவலில் மரத்துக்கு முன்பாகவே இரண்டு இயற்கை இடங்கள் அழிகின்றன. ஒன்று, மன்னர் காலத்தில் தூர்க்கப்பட்ட குளம். மற்றது, மன்னராட்சி போனபின் பூங்கா அமைப்பதற்காக வெட்டப்பட்ட காற்றாடித் தோப்பு. முதல் கையேடு இவற்றைத் தனித்தனியாகக் கேட்டது. இரண்டாவது கையேடு இரண்டையும் அருகருகே வைத்தது. கையேட்டில் இருந்தபடியே அந்தக் கேள்வியைத் தருகிறேன்:

“குளம் தூர்க்கப்பட்டதை ஆசான் சொல்லும் பகுதியையும், காற்றாடித் தோப்பு வெட்டப்படும்போது பெரியவர் ஒருவர் அதைப் பற்றி விசாரிக்கும் பகுதியையும் அடுத்தடுத்து உரக்க வாசிக்கவும். முதலாவது ஒரு அற்புதக் கதைபோலவும், இரண்டாவது ஒரு வேடிக்கைபோலவும் நம் காதில் விழுவது ஏன்? மன்னர் செய்ததும் நகரசபை செய்ததும் வேறுவேறு செயல்கள் என்று நாவல் கருதுகிறதா, அல்லது ஒரே செயலை வேறுவேறு ஆட்கள் சொல்வதால் அப்படிக் கேட்கிறதா?”

தோப்புப் பகுதியைச் சற்று விளக்க வேண்டும். ஓங்கி வளர்ந்த மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் செடிகளை நடப் போகிறார்கள், அந்தச் செடிகளும் மரமாகிவிடாதபடி கத்தரித்துக்கொண்டே இருக்கப் போகிறார்கள் என்பதை அந்தப் பெரியவர் கேள்விமேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்கிறார். படிக்கிற யாருக்கும் சிரிப்பு வரும். கூட்டத்திலும் அனைவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின், கையேட்டின் கேள்வி அந்தச் சிரிப்பையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், நாவலாசிரியருக்குப் பழைய காலத்தின்மீது ஒரு சாய்வு இருக்கிறது என்று வாதிட்டார். மன்னர் ஒருவர் முகம் சுளித்தார், குளம் மறைந்தது. அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. நகரசபை தோப்பை வெட்டியபோது அசட்டுத்தனம் மட்டுமே தெரிகிறது. இந்தத் தொனி வேறுபாடு தற்செயலாக வந்திருக்க முடியாது என்றார். அவருக்கு மறுமொழி சொன்னவர் ஒரு கல்லூரி மாணவி. அந்தக் கம்பீரம் ஆசானுடையது, நாவலுடையது அல்ல என்றார் அவர். ஆசான் மன்னரின் குடியாக வாழ்ந்து மூத்தவர். மன்னரைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தானாகவே பணிந்து பெருகும். அந்தக் குரலை நீக்கிவிட்டுச் செயலை மட்டும் பார்த்தால், ஒரு மனிதரின் மூக்குக்காக ஒரு குளமே போயிருக்கிறது. தோப்பு வெட்டப்பட்டதைவிடக் காரணம் குறைந்த காரியம் அது. தோப்புப் பகுதியில் சிரிக்கக் கற்றுக்கொண்ட வாசகர், திரும்பிப் போய்க் குளத்துப் பகுதியிலும் சிரித்திருக்க வேண்டும் என்று நாவல் எதிர்பார்க்கிறது என்பது அவர் வாதம்.

இந்த இடத்தில் பக்கங்கள் புரளத் தொடங்கின. வங்கிக்காரர் தம் கட்சிக்கு ஆதாரமாக, ஆசான் சொல்வதை இளைஞர்கள் கேட்டு மயங்கி உட்கார்ந்திருக்கும் இடங்களைக் காட்டினார். கதைசொல்லியும் அந்த இளைஞர்களில் ஒருவன், அவனே மயங்கும்போது நாவல் மயங்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். மாணவி தயங்கினார். மயங்குகிறவன் அன்றைய சிறுவன், எழுதுகிறவன் வளர்ந்த மனிதன் என்று வேறொருவர் அவர் உதவிக்கு வந்தார். இந்த வேறுபாட்டை நாவல் எந்த இடத்திலாவது வெளிக்காட்டுகிறதா என்பதுதான் நெறியாளர் அப்போது கேட்ட ஒரே துணைக் கேள்வி. அதற்கான விடையைத் தேடுவதிலேயே அடுத்த அரைமணி நேரம் போனது. இருவரும் கடைசிவரை உடன்படவில்லை. எனக்கு மாணவியின் வாசிப்பே சரியென்று படுகிறது. ஆனால் சிறுவனின் மயக்கத்தைப் பற்றி வங்கிக்காரர் எழுப்பிய தடைக்கு முழுமையான விடை இன்னும் என்னிடமும் இல்லை.

உரக்க வாசிக்கவும் என்று கையேட்டில் ஏன் எழுதப்பட்டது என்பதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த உறுப்பினர்களில் சிலர் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தவர்கள். தமிழ் அவர்களுக்குக் காதுக்கும் வாய்க்கும் தாய்மொழி. கண்ணுக்கு மட்டும் மெதுவாக வரும். அவர்கள் நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு வருவார்கள், அல்லது வீட்டில் பெரியவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார்கள். பக்க எண் சொன்னால் அவர்களுக்குப் பயனில்லை. தமிழ்ப் பதிப்புகளுக்கிடையேயும் பக்க எண் ஒத்துப்போவதில்லை. ஆகவே கையேடு பக்கத்தைச் சொல்லாமல் நிகழ்ச்சியைச் சொன்னது. வாதம் தொடங்குமுன் அந்தப் பகுதி சபையில் வாசிக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் அவ்வளவாகப் பேசாதவர்கள் இரண்டாவதில் பேசினார்கள் என்றால், அதற்குக் கேள்வியின் நேர்த்தியைவிட இந்த வாசிப்பே கூடுதல் காரணம் என்று நினைக்கிறேன்.

மரத்தைக் கொன்றது யார்

மரத்துக்கு நஞ்சு வைத்தவன் யார் என்று கேட்டால் அது அறிவினா. மரத்தின் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும்தான் என்ற விடை வரும். அதுவும் முதல் கூட்டத்தில் வந்த குறியீட்டு விடைகளைப் போல யாருக்கும் வலிக்காத விடை. இரண்டாவது கையேடு இதைக் குறுக்கி, ஒரு குறிப்பிட்ட தரப்பின்மேல் மட்டும் வெளிச்சத்தைப் பாய்ச்சியது. மரத்தை வெட்டும் முயற்சி வலுக்கும்போது அதைத் தடுக்க மரம் தெய்வமாக்கப்படுகிறது. அப்படிச் செய்தவர்கள் மரத்தைக் காப்பாற்றினார்களா, அல்லது அதன் முடிவை விரைவுபடுத்தினார்களா என்பது கேள்வி. இதன் துணைக் கேள்வி, ஆசான் காலத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது: செல்லத்தாயி தூக்கில் தொங்கிய பிறகு மரத்தை வெட்ட வந்த கொப்ளானிடமிருந்து, தம் சாமர்த்தியத்தால் அதைக் காப்பாற்றியதாக ஆசான் சொல்கிறாரே, அந்தக் காப்பாற்றலும் இதுவும் ஒன்றா?

முதலில் பேசியவர்கள் இரண்டும் ஒன்றல்ல என்றார்கள். ஆசானுக்கு மரத்தின்மேல் பற்று. பின்னால் வந்தவர்களுக்கு மரம் ஒரு பகடைக்காய். தெய்வமான பிறகு அதைப் பட்டப்பகலில் வெட்ட முடியாது என்பதால்தான் இரவில் நஞ்சு வைக்க வேண்டியதாயிற்று. ஆகவே காப்பாற்ற எடுத்த முயற்சியே கொலையின் வடிவத்தைத் தீர்மானித்தது என்றார் ஒருவர். கையேட்டின் கேள்வி இங்கே தன் வேலையைச் செய்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஆசிரியை அதற்கு மேலும் ஒரு படி போனார். ஆசானுக்கு மரத்தின்மேல் பற்று இருந்தது என்று நமக்குச் சொன்னது யார் என்று கேட்டார். சொன்னது ஆசானேதான். கொப்ளான் கதைக்கு ஆசானைத் தவிர வேறு சாட்சி கூட்டத்தில் யாருக்கும் அகப்படவில்லை. மரத்தைத் தம் வீரக் கதையின் மேடையாக ஆசான் ஆக்கிக்கொண்டதற்கும், பிறகு வந்தவர்கள் அதைக் கோயிலாக ஆக்கிக்கொண்டதற்கும் என்ன வேறுபாடு? ஒருவர் கதைக்காகப் பயன்படுத்தினார், மற்றவர்கள் தேர்தலுக்காகப் பயன்படுத்தினார்கள் என்றால், மரம் எப்போதுமே பிறருக்குப் பயன்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

இதிலிருந்து பேச்சு நாவலின் தொடக்கத்துக்குத் திரும்பியது. மரம் மனிதர்களின் விவகாரங்களில் தலையிடவில்லை, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது என்ற பொருளில் கதைசொல்லி பேசும் இடம் அது. கையேட்டின் மூன்றாவது கேள்வி இந்தக் கூற்றை நம்பலாமா என்பதாகவே இருந்ததால், நெறியாளர் வரிசையை மாற்றி அதை இங்கேயே எடுத்துக்கொண்டார். நின்றுகொண்டிருந்தது என்பது ஒன்றும் செய்யாமல் இருந்தது என்று ஆகுமா? நாற்சந்திக்குப் பெயரையும் கடைகளுக்கு நிழலையும் கொடுத்தது அதுதான். அதன் காய்களுக்காகச் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள், நகரசபை குத்தகை விட்டுப் பணம் பார்த்தது. மரம் எதையும் செய்யவில்லை என்று கதைசொல்லி வலியுறுத்துவது மரத்தைப் பற்றிய செய்தியா, மனிதர்கள்மேல் அவன் வைக்கும் குற்றச்சாட்டா என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முதல் கூட்டத்தில் மரம் இயற்கையின் குறியீடு என்று சொன்ன அதே உறுப்பினர், இப்போது மரம் நாவலில் உண்மையிலேயே என்னென்ன செய்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். குறியீடு என்ற பேச்சை யாரும் தடை செய்யவில்லை. அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

விழுந்த கேள்வி

நான்கில் ஒன்று விழுந்தது. காதர், தாமு இருவரின் பெயர்களையும் இடம் மாற்றி வைத்தால் இந்தப் போட்டியின் கதை இப்படியே நடந்திருக்குமா என்பது அந்தக் கேள்வி. தாளில் பார்க்கும்போது கூர்மையாக இருந்தது. இருவர் எழுதிய விடைகளும் வேறாக இருந்து, இரண்டும் ஒரே பகுதியைச் சுட்டியதால் சோதனையையும் தாண்டிவிட்டது. ஆனால் நடக்காததைக் கற்பனை செய்யச் சொல்லும் கேள்விக்குச் சான்று காட்ட நாவலில் இடமே கிடையாது. விடை சொல்கிறவர் தமக்கு உலகத்தைப் பற்றித் தெரிந்ததிலிருந்துதான் சொல்ல முடியும். சில நிமிடங்களில் பேச்சு மதத்தைப் பற்றியும் இன்றைய தேர்தல்களைப் பற்றியும் போய்விட்டது, குரல்கள் உயர்ந்தன. நெறியாளர் அந்தக் கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டு, இருவரின் போட்டி வியாபாரப் போட்டியாக இருப்பது எதுவரை, அது வேறொன்றாக மாறும் இடம் எது என்று கேட்டார். அந்த இடம் தேடிக் காட்டக்கூடியது. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு இடத்தைக் காட்டவும் முடியும். கையேட்டின் திருத்திய படியில் இப்போது இந்த வடிவமே இருக்கிறது. சோதனையிலும் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது: சுட்டப்படும் பகுதி கேள்விக்குப் பின்னணியாக மட்டும் இருந்தால் போதாது, விடையைத் தாங்கும் சான்றாகவும் அது இருக்க வேண்டும்.

பெங்களூரின் மரங்களுக்குக் கடைசி இருபது நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவற்றைப் பேசாதே என்று சொல்லிவிட்டால் பேச்சு வேறு வழியாக உள்ளே வந்துவிடும் என்பதைக் கையேடு எழுதிய இருவரும் உணர்ந்திருந்தார்கள். ஆகவே நிபந்தனை ஒன்று மட்டும் வைத்தார்கள்: உங்கள் தெருவின் மரத்தை ஒப்பிடலாம், ஆனால் நாவலின் மரத்தோடு அது எங்கே ஒத்துப்போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒற்றுமையைச் சொல்லச் சொன்னால் கதைகள் கிளம்பும். வேற்றுமையைச் சொல்ல வேண்டுமென்றால் நாவலை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாலை விரிவாக்கத்துக்கு எதிராக மரத்தைச் சுற்றிக் கைகோத்து நின்ற அனுபவம் உள்ள ஒருவர், எங்களைப் போல மரத்தை மரமாகவே நினைத்து அதற்காக நிற்கும் ஒரு ஆள் இந்த நாவலில் இல்லையே என்றார். ஆசான் என்றார் ஒருவர். அவரைத்தான் சற்றுமுன் சந்தேகப்பட்டோமே என்றார் இன்னொருவர். கல்லெறிந்த சிறுவர்கள் என்றார் மாணவி. அவர்களுக்கு அந்த மரத்திடம் வேண்டியது புளியங்காய் மட்டுமே, மரம் நாளையும் இருக்க வேண்டும் என்பதில் கணக்குப் பார்க்காத அக்கறை உள்ளவர்கள் அவர்கள்தான் என்பது அவர் விளக்கம். புளியங்காய்க்கு ஆசைப்பட்டவனைப் பற்றில்லாதவன் என்று எப்படிச் சொல்வது என்று வங்கிக்காரர் திருப்பிக் கேட்டார். அன்றைய கூட்டத்தில் இருவரும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

திருத்திய கையேடு இப்போது ஒரே தாளில் அடங்குகிறது. நான்கு முதன்மைக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் வாசிக்க வேண்டிய நிகழ்ச்சி, நெறியாளருக்கு மட்டும் தனித்தாளில் இரண்டிரண்டு துணைக் கேள்விகள். விடைகள் எங்கும் இல்லை. நெறியாளரின் தாளில் ஆசிரியை பென்சிலால் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: குளத்துக் கேள்வியில் உங்களுக்கு ஐயம் தீர்ந்துவிட்டதென்றால், அந்தக் கேள்வியை நடத்தும் பொறுப்பை ஐயம் தீராத வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.